பதினாறு துண்டுக் காணியும் ஓர் ஒழுங்கையும்

கல்முனைக் கடைத்தெருவில் அப்போது இருந்த அச்சுக்கூடம் ஒன்றில் புறூப் வாசிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. எஸ்.எஸ்.சி. முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்த காலம். வாப்பா மருதமுனையில் தறி நெய்கிறவர். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். 'அச்சு ஒப்பிஸில் வேலை' என்று உம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அங்கே நான் செய்தது என்னவென்று அவருக்கு விளங்க வைக்க முடியவில்லை. "பிழை பாக்கிற" என்றேன். "ஆருட பிழைய?" என்று கேட்டார்.

அச்சுக்கூடத்துக்கு வந்த வேலையில் பாதி கல்யாண வாழ்த்துப்பா. மீதி கடைப் பற்றுச்சீட்டும் கந்தூரி அறிவித்தலும். முதலாளி கல்முனை மெதடிஸ்த கோயிலைச் சேர்ந்தவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். எழுத்துக் கோக்கிற அண்ணனுக்கு ஊர் பாண்டிருப்பு. அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, அவர் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிக்க, நான் புறூப்பில் விரலை ஓட்டிக்கொண்டு போவேன்.

முதலாளி எனக்குச் சொன்ன விதி ஒன்றுதான். அண்ணன் விட்ட பிழையை நான் திருத்தலாம். எழுதிக் கொண்டுவந்தவர் விட்ட பிழையைத் திருத்தக்கூடாது. ஓரத்தில் கேள்விக்குறி போட வேண்டும். கேள்விக்குறிக்குப் பதில் வரும்வரை அந்தப் பக்கம் மெஷினில் ஏறாது.

கல்லோயா அணைத் திட்டத்தில் வேலை கிடைத்தவர்கள் கையில் மாதச் சம்பளம் புழங்கத் தொடங்கியிருந்தது. கொழும்பிலும் மலைநாட்டிலும் கடை வைத்திருந்த நம்மவர்களும் ஊரில் பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்ட வளவு தேடினார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். ஆகவே பெண் பிறந்த அன்றே தகப்பனுக்குக் காணி யோசனை பிறந்துவிடும். இதைக் கண்டு நெல் வியாபாரி ஹாஜியார் ஒருவர் மருதமுனையில் தமக்கிருந்த தென்னங்காணியைத் துண்டு துண்டாக விற்க நினைத்தார். தூர இடத்தில் இருப்பவர்களுக்கு அனுப்பவென்று நாலு பக்கத்தில் சின்னப் புத்தகம் ஒன்று அடிக்கக் கொடுத்தார். காணிக்குப் புத்தகம் அடிப்பதை எங்கள் ஊர் அப்போதுதான் முதன்முதலாகக் கண்டது.

அந்தப் புத்தகத்துக்காக எங்கள் வீடும் காத்திருந்தது. தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையும் தறிக்காரன், நல்ல பிள்ளை. அவருடைய வாப்பாதான் பிடிகொடுக்காமல் இருந்தார். மூத்த மகனுக்குப் பெண் எடுத்த இடத்தில் 'இருபது பேர்ச் வளவு' என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வேலி போட்டபோது காணி சுருங்கிவிட்டது. அந்தக் கசப்பு அவருக்கு ஆறவில்லை. ஹாஜியாருடைய காணியில் ஏழாம் துண்டை வாங்கலாம் என்று வாப்பா சொன்னபோது அவர் தலையை ஆட்டினார்.

"வாய்ச்சொல்லு வேணா. இருபது பேர்ச். ஒரு சாணும் குறையப்படா. புத்தகம் அடிக்காங்களாமே, அதுல வரட்டும். மறுகா நாள் குறிப்பம்."

ஏழாம் துண்டுக்கு இருபது பேர்ச் என்று அச்சில் வந்தால் கல்யாணம். அந்த அச்சை வாசிக்கிறவன் நான். வீட்டில் எல்லாருக்கும் இது பெரிய ஆறுதலாக இருந்தது.

முதல் புறூப் வந்த அன்று அண்ணன் பிரதியை எடுத்து வாசிக்கத் தொடங்கியவர் மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டார்.

"எழில் கொஞ்சும், மணம் கமழும், கண்டோர் மனம் கவரும்... தம்பி, இது காணியோ கல்யாணப் பொம்பிளையோ?"

"காணிதான் அண்ணன்."

"எனக்கெண்டா இந்தச் சொல்லெல்லாம் கைப்பழக்கம். போன கிழமை வாழ்த்துப்பாவில கோத்த எழுத்து இன்னும் சூடு ஆறயில்ல."

விசாரித்தால் விஷயம் அதுதான். ஹாஜியார் வாழ்த்துப்பா எழுதுகிற புலவர் ஒருவரிடமே இதையும் எழுதக் கொடுத்திருந்தார். அவர் பெண்ணை வர்ணிக்கிற வேகத்திலேயே காணியையும் வர்ணித்திருந்தார். 'குலமகள் போன்ற குளிர்நிலம்' என்று கூட ஓரிடத்தில் இருந்தது. நான் பென்சிலால் ஒவ்வோர் அடைமொழியின் கீழும் கோடு போட்டேன். இந்தச் சொல்லை எடுத்துவிட்டால் வாங்குகிறவருக்கு ஏதாவது தெரியாமல் போகுமா என்று பார்த்தேன். 'கண்டோர் மனம் கவரும்' போனால் ஒன்றும் போகாது. 'மேட்டு நிலம்' போனால் போகும். அது உண்மையா பொய்யா என்று ஒருவர் காணிக்குப் போய்ப் பார்க்கலாம். அப்படிப்பட்ட சொற்களுக்கு மட்டும் கேள்விக்குறி போட்டேன். மற்றவை ஹாஜியார் விருப்பம்.

அடுத்தது விலாசம். முன்பக்கத்தில் 'கல்முனை நகரின் இருதயத்தில், பெரிய றோட்டை முகப்பாகக் கொண்ட' என்று இருந்தது. அண்ணன் சிரித்தார்.

"எங்கட பாண்டிருப்பையும் தாண்டிக் கிடக்கிற காணி. இருதயம் அவ்வளவு தூரத்திலயோ துடிக்குது?"

இரண்டாம் பக்கத்தில் எல்லைகள் காணி உறுதிப் பத்திரத்தில் உள்ளபடி எழுதப்பட்டிருந்தன. கிழக்கே கடற்கரை வீதி. மேற்கே வேறொருவருடைய தோட்டம். பெரிய றோட்டு மேற்குப் பக்கம் அந்தத் தோட்டத்துக்கும் அப்பால் ஓடுகிறது. அப்படியானால் காணியின் முகப்பு கடற்கரை வீதிதான். கடைசிப் பக்கத்தில் 'காணியைப் பார்வையிட' என்று கட்டம் போட்டு இருந்த விலாசமோ சாய்ந்தமருதில் இருந்தது. ஒரே காணி மூன்று பக்கத்தில் மூன்று இடத்தில் கிடந்தது.

சாய்ந்தமருதுக் கட்டம் மட்டும் ஹாஜியாருடைய பிரதியில் இல்லவே இல்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் எழுந்து போய் மேசைக்கு அடியில் இருந்த எழுத்துத் தட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அது என்ட பிழை. நெல் மில் ஏலத்துக்கு அடிச்ச கட்டம். நூல் கட்டி அப்படியே வைச்சிருந்தன். கட்டம் வடிவா இருக்கெண்டு தூக்கி வைச்சன், உள்ளுக்க இருந்த எழுத்த மாத்தயில்ல."

அந்த விலாசத்தை நானே அடித்துச் சரி செய்தேன். முன்பக்கத்து றோட்டுக்குக் கேள்விக்குறி போட்டேன்.

பிறகு மூன்றாம் பக்கம். துண்டு இலக்கமும் விஸ்தீரணமும் அட்டவணையாக இருந்தன. பதினாறு துண்டு. ஒவ்வொன்றுக்கும் நேரே இருபது பேர்ச். ஏழாம் இலக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன் என்பதை மறைக்கத் தேவையில்லை. இருபது என்று தெளிவாக விழுந்திருந்தது. மனதுக்குள் தங்கச்சியின் கல்யாணத்துக்குப் பந்தல் கூடப் போட்டுவிட்டேன்.

அட்டவணை என்றால் கூட்டிப் பார்க்க வேண்டும். பதினாறு இருபது, முந்நூற்றிருபது. ஏக்கருக்கு நூற்றறுபது பேர்ச். ஆக இரண்டு ஏக்கர். முன்பக்கத்தில் சர்வேயர் படத்தின்படி என்று போட்டிருந்ததும் இரண்டு ஏக்கர்தான். மேல்மிச்சமாக றூட் இல்லை, பேர்ச் இல்லை. கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தியதைப் பார்த்து அண்ணன் "சரிதானே, அடுத்தது?" என்றார்.

அடுத்தது காணியின் படம். நடுவில் ஒழுங்கை. அதன் இருபுறமும் எட்டெட்டுத் துண்டு. கீழே 'பன்னிரண்டு அடி அகலப் பாதை வசதி உண்டு' என்று எழுதியிருந்தது.

நான் பென்சிலை வைத்துவிட்டேன். துண்டுகளே இரண்டு ஏக்கரையும் தின்று முடித்துவிட்டன. அப்படியானால் ஒழுங்கை எந்த மண்ணில் ஓடுகிறது?

படத்தில் அடிக்கணக்கு இருந்தது. ஒவ்வொரு துண்டும் ஒழுங்கைப் பக்கம் அறுபத்தாறு அடி. ஒழுங்கைக்குப் பக்கத்துக்கு ஆறடி விட்டால் ஒரு துண்டில் ஒன்றரைப் பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைய அடிபட்டுப் போகும். மிஞ்சுவது பதினெட்டரை. இரண்டு தரம் கணக்குப் பார்த்தேன். மூன்றாம் தரம் அண்ணனைப் பார்க்கச் சொன்னேன். அவருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும்.

"தம்பி, உன்ட தங்கச்சிர துண்டும் இதுக்குள்ளதானே?"

"ஓம்."

"இத நீ காணாமலும் இருந்திருக்கலாம்" என்றார். புத்தி சொல்கிற குரலில் அல்ல, பரிதாபப்பட்டுத்தான். "பாதி ஊருக்குக் கூட்டவே தெரியாது."

நான் அட்டவணையின் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, 'ஒழுங்கை எதில் அடங்கும்?' என்று எழுதினேன். எழுதும்போது நல்லவனாக நடக்கிறோம் என்ற நினைப்பு ஒன்றும் இருக்கவில்லை. புறூப்பில் தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல் விட்டால் அடுத்த வரியை எப்படி வாசிப்பது என்பதே யோசனையாக இருந்தது.

மறுநாள் ஹாஜியார் வந்தார். வெள்ளைத் தொப்பி, கக்கத்தில் குடை. புறூப்பை விரித்ததும் முகம் மாறியது.

"என்னடாம்பி இது, கொக்கி கொக்கியாக் கிடக்கி? காணி விக்கப் போறன் நான், சோதினை எழுதப் போறல்ல."

றோட்டு விஷயத்தைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். புலவர் காணியைப் பார்க்காமலே எழுதினாராம். ஒழுங்கைக்கு வந்ததும்தான் அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"ஏழு பொம்புளப் புள்ளயளுக்கு நான் வளவு பிரிச்சுக் குடுத்திரிக்கன். ஒருத்தியாவது வழிய அளந்து கேட்டாளா? ஆளுக்குக் கொஞ்சம் உள்ளுக்கு இழுத்து வேலி போட்டா வழி வந்திட்டு. அந்த வழியும் அவள்ர வளவுதானே? உங்கட வளவுல வழி விடல்லயா?"

விட்டிருந்தோம். எங்கள் ஊரில் எல்லா ஒழுங்கையும் அப்படித்தான் பிறந்தது. தகப்பன் சமமாகப் பிரிப்பார். ராத்தாமாரும் தங்கச்சிமாரும் தங்கள் தங்கள் துண்டிலிருந்து வழி விடுவார்கள். அதை யாரும் குறைவென்று எண்ணுவதில்லை. ஹாஜியார் சர்வேயரைக் கொண்டு முழுக்காணியையும் அளந்துவிட்டு, உள்ளே பிரித்ததைத் தம் மகள்மாருக்குப் பிரித்த முறைப்படியே தாமே பிரித்திருக்கிறார். ஏமாற்ற நினைத்த மனிதர் கணக்கை இவ்வளவு நேராக வைத்திருக்க மாட்டார்.

"அது ராத்தா தங்கச்சி, ஹாஜியார்" என்றேன். "இத வாங்குற ஆக்கள் ஆளையாள் கண்டதும் இல்ல. கொழும்புல கடைக்குள்ள இரிக்கிறவரு இருபதெண்டு வாசிப்பாரு. பாதையும் இரிக்கெண்டு வாசிப்பாரு. ரெண்டும் வேற வேறயெண்டுதான் நினைப்பாரு."

"அப்ப நான் கள்ளனா?"

"இல்ல. புத்தகத்துல ஒரு சொல்லு குறையுது."

"குறையுற ஒரு சொல்லா? பக்கமெல்லாம் சொல்லு கூடிப்போச்செண்டு கோடு போட்டுட்டு, இப்ப ஒரு சொல்லுக் குறையுதாம்!" முதலாளி பக்கம் திரும்பினார். "இவரு வாசிக்கிறதுக்கா நான் காசு தாற?"

முதலாளி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "ஓம் ஹாஜியார். அதுக்கும் சேர்த்துத்தான்."

ஹாஜியார் புறூப்பைச் சுருட்டிக் குடையோடு சேர்த்து இடுக்கிக்கொண்டார். மட்டக்களப்பில் அச்சுக்கூடம் இல்லையா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

நான் அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். எப்படியும் காதுக்கு வரும், என் வாயால் வரட்டும் என்று நினைத்தேன். அசர் தொழுதுவிட்டு வந்த வாப்பா தறிக்குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடியும்வரை தறி நாடாவை ஓட்டவில்லை. உம்மாதான் வெடித்தார்.

"உன்னப் படிக்க வெச்சது தங்கச்சிர கலியாணத்துல பிழை பிடிக்கவா? இருபதெண்டு கிடந்தது இருபதாக் கிடந்திட்டுப் போகாதா? எழுத்துக்கு வலிக்குதா?"

"சும்மா இரிகா" என்றார் வாப்பா. பிறகு என்னிடம், "ஏழாந் துண்டு மட்டுமா, எல்லாமா?"

"எல்லாம் வாப்பா."

"எல்லாமெண்டா என்ன செய்யிற" என்றார். நாடா ஓடத் தொடங்கியது. உம்மா முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார். தங்கச்சி சோறு வைத்தாள். மீன் துண்டு வழக்கம்போலப் பெரியதாகவே இருந்தது.

கொஞ்ச நாளில் ஹாஜியார் திரும்பி வந்தார். மட்டக்களப்புக்குப் போகவில்லை. மருமக்கள்மாரைக் கூட்டிக்கொண்டு காணிக்குப் போய், சர்வேயர் சொன்னபடி ஒழுங்கைக்குக் கம்பு நட்டுப் பார்த்திருக்கிறார். என்னோடு முறைப்பாகவே பேசினார். பேச்சில் ஒரு தெம்பும் இருந்தது.

"பதினெட்டரதான். அதப் போடு. ஆனா கேளு, ஒழுங்கை கடைசித் துண்டுட வாசலோட நிக்கிது. அதுக்கு மேற்கால ஆரும் போகத் தேவல்ல. அந்தக் கடைசி ரெண்டுக்கும் முழு இருபது! இத நீ கண்டாயா?"

நான் காணவில்லை. ஒழுங்கை காணியை முழுதும் கடந்து போவதாகவே எண்ணிவிட்டேன். அதைச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "படிச்ச ஆளுக்கும் கொக்கி போடணும்" என்று முதலாளியிடம் சொல்லிச் சிரித்தார். அட்டவணையைப் புதிதாகக் கோத்தோம். பதினாலு துண்டுக்குப் பதினெட்டரை, இரண்டுக்கு இருபது, 'பாதை நீங்கலாக' என்று ஒரு வரி. பாதைக்கும் தனியாக ஒரு வரி. கூட்டினால் இரண்டு ஏக்கருக்கு ஒரு பேர்ச் கூடப் பிசகவில்லை.

ஒரு கேள்விக்குறி மட்டும் மிஞ்சியிருந்தது. 'எல்லாத் துண்டுகளும் மேட்டு நிலமே.' கடைசித் துண்டுகள் கிடக்கும் மேற்குத் தொங்கல் முழுதும் பள்ளம். எங்கள் ஊர்க் காணி, எனக்குத் தெரியும்.

"அது மாரில மட்டுந்தானே தண்ணி நிக்கிற?" என்றார் ஹாஜியார்.

"மாரி வருஷா வருஷம் வாறதானே?"

அண்ணன் அச்சுத் தட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். ஹாஜியார் என் பென்சிலை வாங்கினார். 'எல்லாத் துண்டுகளும்' என்பதைத் தாமே அடித்து, 'முதற் பதினாலு துண்டுகளும்' என்று எழுதச் சொன்னார். குலமகளையும் போகச் சொல்லிவிட்டார். 'எழில் கொஞ்சும்' மட்டும் இருக்கட்டும், புலவர் மனம் நோகும் என்றார். அதற்கு என்னிடம் மறுப்பில்லை.

புத்தகம் வெளிவந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மாப்பிள்ளையின் வாப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் புத்தகம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. என்னிடம் நீட்டினார்.

"ஏழாந் துண்டு எவ்வளவு போட்டிரிக்கி, வாசி."

"பதினெட்டரப் பேர்ச், மாமா."

அவர் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா எதிர்பார்த்து வைத்திருந்ததுபோல், "கடைசித் துண்டு முழு இருபது. அத எடுப்பம்" என்றார்.

"எடுங்களன்" என்றார் அவர்.

கதவுக்குப் பின்னாலிருந்து தங்கச்சி பேசினாள். பெண் பார்த்த வீட்டில் பெண் வாய் திறப்பதை அன்றுதான் கேட்டேன்.

"வாப்பா, அது பள்ளம். மாரில தறிக்குழிக்குள்ள தண்ணி ஊறும். குழிக்குள்ள காலப் போட்டு நெய்யிறதா, மீன் பிடிக்கிறதா?"

உம்மா "வாய மூடுகா!" என்று உள்ளே ஓடினார். மாப்பிள்ளையின் வாப்பாவும் ஆயுள் முழுவதும் குழிக்குள் கால் வைத்து நெய்தவர். சிரிப்பு ஒன்று வந்து மீசைக்குள் நின்றது.

"பொண்ணு சொல்றது சரிதான்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "இந்தப் பதினெட்டரைக்குள்ள வழி கழிஞ்சிட்டா?"

"கழிஞ்சிட்டு மாமா. 'பாதை நீங்கலாக' எண்டு போட்டிரிக்கி."

"வேலி போட்ட பிறகும் பதினெட்டரயா?"

"ஓம்."

"அந்த வரிய இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "மூத்தவனுக்கு இருபதெண்டுதான் தந்தாங்க. வழி விட்டா எவ்வளவெண்டு அவங்களுக்கும் தெரியா, எனக்கும் தெரியா. நான் அந்த மனிசர இவ்வளவு நாளும் கள்ளனெண்டு ஏசிட்டுத் திரியிறன்" என்றார். வாப்பா பக்கம் திரும்பி, "ஏழே இரிக்கட்டும். நாளக் குறிங்க" என்றார்.

உறுதி எழுதுமுன் சர்வேயர் வந்து ஏழாம் துண்டைத் தனியாக அளந்தார். மாப்பிள்ளையின் வாப்பா வேலிக் கம்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். சர்வேயர் எழுதியதை என்னை வாசிக்கச் சொன்னார். பதினெட்டரைக்கு மேல் ஒரு சிறு பின்னம் கூடுதலாக இருந்தது.

"பாத்தியா" என்றார் அவர், "அந்தக் கொஞ்சத்த நீங்க புத்தகத்துல போடல்ல." முறைப்பாடு போலத்தான் சொன்னார். பிறகு மகனைக் கூப்பிட்டு, முதற் கம்பை எங்கே நடுவது என்று காட்டினார்.